கொப்பரை குடோன் தூணும் தீயும்: கவரில் செய்யும் தவறுகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் கொப்பரை, சாக்கு, மட்டை என்று எரியக்கூடிய சரக்கு வைக்கும் குடோன் கட்டுபவர்கள், 9 அங்குலச் சுவருக்குத் தோதாக 230 மி.மீ. தூணையே போடுகிறார்கள். தீ பற்றிக் கேட்டால், "கவர் 40 விட்டாச்சு, போதும்" என்று பதில் வரும். கவர் என்பது கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் தடிமன். அந்த 40-ஐ எங்கிருந்து அளந்தீர்கள் என்பதுதான் முதல் கேள்வி.

கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை IS 456 தூணுக்குக் கேட்கும் 40 மி.மீ., மெயின் கம்பிகளைச் சுற்றி வெளியே இருக்கும் ரிங்கிலிருந்து கான்கிரீட்டின் முகம் வரை. பல இடங்களில் கவர் பிளாக்கை மெயின் கம்பியில் கட்டிவிடுகிறார்கள். 8 மி.மீ. ரிங் அதற்கு வெளியே போவதால், அங்கே மிஞ்சுவது 32 தான். அப்புறம் கம்பிக் கூடு ஒருபக்கம் சாய்ந்தால், 40 விட்ட இடத்திலும் ஒரு முகத்தில் 60, எதிர் முகத்தில் 20 கூட ஆகலாம். பலகை அடைத்த பிறகு மேலிருந்து டேப்பை விட்டு நான்கு பக்கமும் அளந்தால் இது தெரிந்துவிடும்.

கம்பி 400 டிகிரி வரை தாங்கும். 500-இல் அதன் வலுவில் முக்கால்வாசி சொச்சம் இருக்கும், 600-இல் பாதிக்கும் கீழே போய்விடும். மூலைக் கம்பிக்கு இரண்டு முகத்திலிருந்தும் சூடு வருவதால் அது முந்திக்கொள்ளும். ரிங் தளர்ந்தால் மெயின் கம்பி வெளியே வளைந்து பிதுங்கும்.

சரி, கவரைக் கூட்டினால் தீர்ந்ததா? இல்லை. கான்கிரீட்டும் வலுவிழக்கிறது, ஜல்லி கருங்கல் வகையென்றால் 500 டிகிரியில் சுமார் 60 சதவீதமே மிஞ்சும். அதனால் 500-ஐத் தாண்டிய பகுதியைக் கணக்கிலிருந்தே விட்டுவிடுவது ஒரு வழக்கம். நீண்ட தீயில் நான்கு முகத்திலும் 40 மி.மீ. ஆழம் அப்படிப் போனது என்று வைத்துக்கொள்வோம். 230 சதுரத் தூணில் 150-க்கு 150 மிஞ்சும், அதாவது பரப்பில் 43 சதவீதம். 300 தூணில் 220-க்கு 220, அதாவது 54 சதவீதம். கவர் இரண்டிலும் ஒன்றுதான்.

நாலு பக்கமும் திறந்து நிற்கும் தூணுக்கு அதே IS 456 ஒரு மணி நேரம் தீயைத் தாங்க 200, ஒன்றரைக்கு 250, இரண்டுக்கு 300 மி.மீ. அகலம் கேட்பதும் இதனால்தான். ஆக, நடுவில் தனியாக நிற்கும் 230 தூணுக்கு ஒரு மணி நேரம்தான் கணக்கு, கவர் எவ்வளவு விட்டாலும். சுவருக்குள் புதைந்து ஒரு முகம் மட்டும் வெளியே தெரிந்தால் இவ்வளவு அகலம் தேவையில்லை.

கவரை 60, 70 என்று ஏற்றுவதும் ஆபத்து. பின்னால் பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லாத தடிமன், சூட்டில் பொரிந்து விழும். ஈரம் காயாத கான்கிரீட்டில் இது மோசம். விழுந்தபின் கம்பி நேரடியாகத் தீயில் நிற்கும். அதைவிடத் தூணைப் பெரிதாக்குவது மேல். சாதாரணப் பூச்சைக் கவராகச் சேர்க்கவும் கூடாது, அது சீக்கிரமே உதிர்ந்துவிடும்.

தீப்பட்ட தூணுக்கு உடனே பூச்சு பூசி மறைத்துவிடுவதும் நடக்கிறது. முதலில் கொஞ்சம் கொத்திப் பாருங்கள். கான்கிரீட் இளஞ்சிவப்பாக இருந்தால் அந்த ஆழம் வரை 300 டிகிரி தாண்டியிருக்கிறது என்று அர்த்தம். எல்லா ஜல்லியிலும் அந்த நிறம் தெளிவாக வராது. அந்தச் சிவப்பு ரிங்கைத் தாண்டி உள்ளே போயிருந்தால், பூச்சுக்கு முன்னால் பொறியாளரைக் கூப்பிட்டு, சுமையை இறக்கி முட்டுக் கொடுக்க வேண்டும்.