முதல் மழையைத் தொட்டிக்குள் விடாதீர்கள்

சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். போன வாரம் நம் தெருவில் புதிதாக மழைநீர் சேகரிப்பு அமைத்த இரண்டு கட்டடங்களைப் போய்ப் பார்த்தேன். எட்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் கட்டடத்தில் நான் செய்த அதே தவறு இரண்டிலும் இருந்தது. அதைத்தான் இன்று விரிவாகச் சொல்லப் போகிறேன்.

மாடி

மாடியைப் பெருக்கி வைப்பது உங்களுக்குத் தெரியும். பூந்தொட்டிகளைத் தண்ணீர் இறங்கும் வாய்க்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். உரம் கரைந்த நீர் நேரே குழாயில் இறங்கிவிடும்.

குழாய்

இங்கேதான் பணம் போகிறது.

எங்கள் மாடி ஏறத்தாழ 2,000 சதுர அடி, அதாவது 186 சதுர மீட்டர். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் குழாய், வடிகட்டி எல்லாம் பொருத்தி, 12,000 லிட்டர் கீழ்த்தொட்டியோடு இணைத்துவிட்டோம். அன்று மாலைதான் லாரியில் வந்த 9,000 லிட்டர் தண்ணீரைத் தொட்டியில் இறக்கியிருந்தோம். இரவு நல்ல மழை. காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வெளிர்மஞ்சளாக வந்தது. புறாக் கூட்டின் நாற்றம் அடித்தது. கோடை முழுக்க மாடியில் படிந்த தூசி, எச்சம், சருகு எல்லாம் முதல் சில நிமிடங்களிலேயே கரைந்து இறங்கிவிட்டன. வடிகட்டி சருகைப் பிடித்தது, கரைந்ததைப் பிடிக்கவில்லை. லாரித் தண்ணீரையும் சேர்த்து இறைத்துக் கொட்டிவிட்டு, ஆள் வைத்துத் தொட்டியைக் கழுவினோம்.

உடனே ஒரு வால்வு வைத்தோம். முதல் மழை பெய்யும்போது காவலாளி திறந்துவிட்டு, பிறகு மூட வேண்டும் என்று ஏற்பாடு. மழை நள்ளிரவில் வந்தால் யார் திறப்பது? ஒருமுறை திறந்த வால்வை மூட மறந்ததால், ஒரு வாரம் பெய்த மழை முழுவதும் தெருவுக்கே போனது. மனிதர் நினைவை நம்பி வால்வு வைப்பது நிற்காது.

இப்போது எல்லாரும் வைப்பது, முதல் மழையின் அழுக்கு நீரைத் தானாகப் பிடித்து வைக்கும் குழாய். அது நல்ல வழிதான். ஆனால் போன வாரம் பார்த்த இரண்டு இடத்திலும் நாலு அங்குலக் குழாயில் மூன்று அடித் துண்டு மாட்டியிருந்தார்கள். அதில் எட்டு லிட்டர்கூடப் பிடிக்காது. இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது, ஏனென்றால் கணக்கு மிக எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். முதல் ஒரு மில்லிமீட்டரையாவது விலக்க வேண்டும். எங்கள் மாடிக்கு அது 186 லிட்டர். இரண்டு இறக்குக்குழாய்கள் சமமாகப் பகிர்ந்தால், ஒவ்வொன்றுக்கும் 93 லிட்டர். எட்டு லிட்டர் என்பது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

நாங்கள் ஒவ்வொரு குழாயின் அடியிலும் இறுக்கமான மூடியுள்ள 100 லிட்டர் டிரம் வைத்தோம். மேலே 'டி' இணைப்பு. மழைநீர் முதலில் நேரே டிரமுக்குள் இறங்கும். டிரம் நிரம்பியதும் நீர் ஏறி, பக்கவாட்டுக் கிளை வழியாக வடிகட்டிக்குப் போகும். டிரமின் வாயில் மிதக்கும் ஒரு பந்து, நீர் நிரம்பியதும் வழியை அடைத்து, அழுக்கு மேலே கலக்காமல் காக்கும். டிரமின் அடியில் சிறிய குழாயை இலேசாகத் திறந்து வைத்தால், நீர் சொட்டுச் சொட்டாக வடிந்து அடுத்த மழைக்கு டிரம் காலியாகிவிடும். அந்தத் துளி நின்றால் வண்டல் அடைத்திருக்கிறது என்று பொருள். மாதம் ஒருமுறை அடிமூடியைத் திறந்து வண்டலைக் கழுவிவிடுங்கள்.

நீண்ட வறட்சிக்குப் பின் வரும் முதல் மழைக்கு இதுவும் போதாது. அந்த ஒரு மழையை முழுவதுமாகத் தொட்டிக்குள் விடாமல் வெளியே விட்டுவிடுங்கள்.

வடிகட்டி

அடியில் பெரிய கூழாங்கல், அதன் மேல் சிறு ஜல்லி, மேலே மணல். அடுக்குகளுக்கு இடையே நைலான் வலை. மணலைக் கழுவாமல் போட்டால், வடிகட்டியே தண்ணீரைக் கலக்கிவிடும். மணிக்கு 40 மில்லிமீட்டர் வேகத்தில் பெய்தால், எங்கள் மாடியிலிருந்து ஒரு மணி நேரத்தில் 7,000 லிட்டருக்கு மேல் இறங்கும். எந்தச் சிறு வடிகட்டியும் அதை முழுக்க விழுங்காது. அதனால் மணலுக்கு மேலே ஒரு வழிதல் குழாய் வைத்து, மிஞ்சுவதை, நீரை நிலத்துக்குள் இறக்கும் மீள்நிரப்புக் கிணற்றில் விடுங்கள். அது இல்லாவிட்டால் நீர் குழாயில் ஏறி மாடியில் தேங்கும்.

தொட்டி

மூடி வெளிச்சம் புகாததாகவும், வழிதல் வாயில் கொசுவலை கட்டியதாகவும் இருக்கட்டும்.

மழை பெய்யும்போது, டிரம் நிரம்பிய பின், தொட்டிக்குள் விழும் நீரை ஒரு கண்ணாடித் தம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சளாக இருந்தாலோ, முகர்ந்தால் நாற்றம் வந்தாலோ, தொட்டிக்குப் போகும் கிளையைக் கழற்றிவிட்டு, முதலில் டிரமின் அளவைச் சரிபாருங்கள்.