முந்நூறு பிரதியோடு சென்னை புத்தகக் காட்சியில் கடை போடுகிறீர்களா?

முதல் புத்தகம் வந்த சூட்டோடு, ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசி நடத்தும் காட்சியில் சொந்தமாக ஒரு அரங்கு எடுத்தே தீர்வது என்று கிளம்புகிறவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன். நானும் அப்படிக் கிளம்பியவன்தான். நண்பரோடு பாதி அரங்கைப் பங்கு போட்டு எடுத்ததால் சேதாரம் குறைவு.

முதல் தவறு கணக்கில். புத்தக விலையில் அச்சுச் செலவைக் கழித்து, மீதியை முந்நூறால் பெருக்கி மகிழ்ந்துவிடுகிறோம். உதாரணத்துக்கு விலை 200 ரூபாய், அச்சுச் செலவு பிரதிக்கு 90 என்று வையுங்கள். காட்சியில் பத்து சதவீதத் தள்ளுபடி எல்லாக் கடையிலும் உண்டு, வாசகர் அதைக் கேட்டு வாங்குவார், ஆக கையில் வருவது 180, மிஞ்சுவது 90. அரங்கு வாடகையில் உங்கள் பங்கு 15,000, ஆள் கூலி, ஆட்டோ, சாப்பாடு, பேனர் எல்லாம் சேர்த்து 9,000 என்றால் 267 பிரதி விற்றால் போட்டது வந்துவிடும். முந்நூறு இருக்கிறதே என்பீர்கள். சொந்தக்காரர், விமர்சகர், முன்னுரை எழுதியவர் என்று 25 பிரதி இலவசமாகப் போகும், மேஜையில் புரட்டிப் புரட்டி ஐந்து அழுக்காகும். அந்த முப்பதின் அச்சுச் செலவு 2,700 ரூபாயும் உங்கள் தலையில்தான். இப்போது 297 விற்க வேண்டும், இருப்பதோ 270. எல்லாமே விற்றாலும் 2,400 ரூபாய் நஷ்டம்! பாதி அரங்குக்கே இந்த நிலை என்றால், ஒரே தலைப்பை வைத்து முழு அரங்கு எடுப்பதை நினைத்துப் பாருங்கள். மூன்று நான்கு எழுத்தாளர்கள் சேர்ந்து எடுங்கள், அதற்கு விதி அனுமதிக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஏற்கெனவே அரங்கு எடுத்திருக்கும் பதிப்பகத்தில் கமிஷனுக்குக் கொடுங்கள். கமிஷன் கடிக்கும்தான், ஆனால் விற்காத பிரதிக்கு வாடகை கட்ட வேண்டாம்.

சரி, அரங்கு எடுத்தாயிற்று. அடுத்த தவறு, இருப்பை முதல் மூன்று நாளில் கரைத்துவிடுவது. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு முதல் வாரக் கடைசியில் 120 பிரதி போய்விட்டது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் அலுவலக நண்பர்களும் கல்லூரிக் கூட்டமும், அதாவது எப்படியும் வாங்கியிருக்கக் கூடியவர்கள். அவர் இதே வேகம் தொடரும் என்று நம்பி உடனே 200 பிரதி மறு அச்சுக்குச் சொன்னார். பொங்கலுக்கு அச்சகமும் பைண்டிங் ஆட்களும் ஊருக்குப் போய்விடுவார்கள் என்பது அவருக்கு உறைக்கவில்லை. கட்டு வந்து சேர்ந்தபோது காட்சி முடிந்திருந்தது. இன்னும் அவர் வீட்டுக் கட்டிலுக்கடியில் இருக்கிறது.

வேலை நாட்களில் மதியத்துக்கு மேல்தான் காட்சி திறக்கும், ஏழெட்டு பிரதி போனாலே நல்ல நாள். கூட்டம் சனி ஞாயிறும் பொங்கல் விடுமுறையும்தான். அதனால் மொத்த இருப்பையும் அரங்குக்குக் கொண்டுபோகாமல் மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கைப் பொங்கலுக்கென்று வீட்டிலேயே வைத்துவிடுங்கள். மறு அச்சு வேண்டுமா என்பதை முதல் வாரத்துச் செவ்வாய், புதன் விற்பனையைப் பார்த்து முடிவெடுங்கள். தெரியாத முகங்கள் வாங்குவது அன்றைக்குத்தான் தெரியும். அப்படியே அடித்தாலும் டிஜிட்டலில் ஐம்பது போதும், பிரதிக்குக் கொஞ்சம் கூடுதலானாலும் பரவாயில்லை.

மேஜை அடுக்கிலும் ஒரு விஷயம் இருக்கிறது. குறைந்த இருப்பை மறைக்க எல்லாப் பிரதியையும் கோபுரமாக அடுக்குவார்கள், அதைக் கலைத்து எடுக்க வாசகர் தயங்குவார். ஏழெட்டு மட்டும் அட்டை முன்னால் தெரிய வைத்து, ஒன்றில் "புரட்ட" என்று ஒரு துண்டுச் சீட்டு ஒட்டிவிட்டால் அழுக்காவது அந்த ஒன்றோடு நின்றுவிடும். மீதிக் கட்டுகளைத் தரையில் வைக்காதீர்கள். கீழே மைதானத்து மண், ஒரு தூறல் போட்டாலும் ஈரம் ஏறும், காலை வந்து பார்த்தால் அடிக்கட்டு அப்பளமாக வளைந்திருக்கும். இரண்டு செங்கல், ஒரு பலகை, மேலே தார்ப்பாய். அவ்வளவு போதும்.

அப்புறம் பணம். மாலை நெரிசலில் செல்போன் சிக்னல் படுத்துவிடும். ஜிபே சுற்றிக்கொண்டே நிற்க, பின்னால் நிற்பவர் புத்தகத்தை வைத்துவிட்டுப் போவார். 180 ரூபாய் புத்தகத்துக்கு இருபது ரூபாய்ச் சில்லறை தேவை என்பதால், தினமும் இருபது ரூபாய் நோட்டு குறைந்தது ஐம்பது பெட்டியில் இருக்கட்டும். இரவு கடை மூடும்போது நோட்டுப் புத்தகத்தில் நான்கு எண்கள் எழுதுங்கள்: காலையில் இருந்தது, விற்றது, இலவசம், மிச்சம். எனக்கு நான்காம் நாள் ஆறு பிரதி கணக்கில் வரவில்லை. பங்காளி நண்பர் தன் தெரிந்தவர்களுக்கு "அப்புறம் தந்துவிடுவார்கள்" என்று கொடுத்திருக்கிறார். அதில் இரண்டு பேர் தந்தார்கள்.