லசான்யாவின் நடுப்பகுதி சூடாகிவிட்டதா?

மேலே சீஸ் பொன்னிறமாகி, ஓரத்தில் சாஸ் கொதிப்பதைப் பார்த்து லசான்யாவை வெளியே எடுத்துவிடாதீர்கள். சூடு ஓரத்திலிருந்துதான் உள்ளே போகும். முந்தைய நாளே அடுக்கி ஃபிரிட்ஜில் வைத்தது என்றால் நடுப்பகுதி அப்போதும் சில்லென்று இருக்கலாம்.

ஓவனை முன்கூட்டியே 190 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்குங்கள். ஃபாயிலின் உட்பக்கம் லேசாக எண்ணெய் தடவி, சீஸில் ஒட்டாதபடி சற்றுத் தூக்கலாக, ஓரங்களை மட்டும் இறுக்கி மூடுங்கள். உள்ளே தங்கும் நீராவியில்தான் பாஸ்தா ஷீட் வேகும். மூடாவிட்டால் விளிம்பு அப்பளம் மாதிரி விறைத்துவிடும். 40 நிமிடம் கழித்து ஃபாயிலை எடுத்துவிட்டு, சீஸ் சிவக்க இன்னும் 15 நிமிடம் வையுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து நேராக வந்த தட்டு என்றால், மூடி வைக்கும் நேரத்தில் 15 நிமிடமாவது கூட்டுங்கள்.

அப்புறம் நட்டநடுவே ஒரு மெல்லிய கத்தியைச் செருகி, பத்து விநாடி கழித்து எடுத்துத் தொட்டுப் பாருங்கள். நன்றாகச் சுட வேண்டும், ஷீட்டும் தடையில்லாமல் குத்துப்பட வேண்டும். இறைச்சி சேர்த்திருந்தால் தெர்மாமீட்டரே நம்பகமானது. நடுவில் 74 டிகிரி காட்ட வேண்டும். அதற்குள் மேல்பக்கம் கருக ஆரம்பித்தால் மறுபடி ஃபாயில் போட்டு மூடித் தொடருங்கள்.

வெட்டுவதற்கு முன் 15 நிமிடம் ஆறவிடுங்கள். இல்லையென்றால் அடுக்கெல்லாம் சரிந்துவிடும்.