குளக்கரைக் கம்பத்தை அழிக்கும்போது நீரிலும் ஒரு வேலை இருக்கிறது

கோயில் குளத்தின் கீழ்ப்படியில் நிற்கும் விளக்குக் கம்பத்தை ஃபோட்டோஷாப்பில் அழிக்கும்போது, அதன் பிரதிபலிப்பு நேர் கீழாக நீரில் நீண்டு கிடக்கும் என்பதால், அந்தப் பட்டை முழுவதையும் திருத்த வேண்டும். புதிய லேயரில், Sample அமைப்பை Current & Below என்று வைத்து, Clone Stamp கருவியைப் பயன்படுத்தி, அதே உயரத்தில் பக்கவாட்டில் உள்ள நீரிலிருந்தே மாதிரி எடுங்கள். கரையருகே நெருக்கமாகவும் நம்மை நோக்கி வரவரப் பெரிதாகவும் தெரியும் சிற்றலைகளின் அளவு அப்போதுதான் ஒத்துப்போகும். மேலிருந்தோ கீழிருந்தோ எடுத்தால் ஒட்டுப்போட்டது உடனே தெரிந்துவிடும்.

கம்பத்தின் பிரதிபலிப்பு மண்டபத் தூணின் பிரதிபலிப்பை மறைத்திருந்தால், மேலே திருத்தி முடித்த தூணை நகலெடுத்து, Flip Vertical கொடுத்துக் கீழே வைத்து, சற்றுக் கருமையாக்குங்கள். ஆனால் நீர்விளிம்பில் மடித்தாற்போல் வைத்துவிடக் கூடாது. மண்டபம் கரையிலிருந்து தள்ளியிருந்தால், அதன் பிரதிபலிப்பின் அடிப்பகுதியைப் படிகள் மறைத்துவிடும் என்பதால், அருகில் சிதையாமல் இருக்கும் தூணின் பிரதிபலிப்பைப் பார்த்து, நகலைக் கரைப்பக்கமாக மேலே நகர்த்தி, படியின் மேல் விழும் பகுதியை மறைத்துவிடுங்கள். பிறகு, பக்கத்து நீரின் அலைக்கோடுகளைக் குறைந்த அடர்த்தியில் அதன் மேல் பதியுங்கள்.