ஆணி துருப்பிடிக்கும் சோதனை: கொதித்த நீர்க் குழாய் ஏன் ஏமாற்றுகிறது?

துருப்பிடிக்கக் காற்றும் நீரும் சேர்ந்தே வேண்டும் என்று காட்ட வழக்கமாக மூன்று குழாய்கள் வைப்பார்கள். ஒன்றில் சாதாரண நீர், இன்னொன்றில் கொதிக்க வைத்த நீரும் அதன்மேல் எண்ணெயும், மூன்றாவதில் உலர்ந்த காற்று. முதலாவதும் மூன்றாவதும் பெரும்பாலும் சொன்னபடி கேட்கும். வகுப்பில் மானத்தை வாங்குவது இரண்டாவதுதான். துருவே வராது என்று சொல்லி வைத்திருப்போம், மறுநாள் அந்த ஆணியிலும் மஞ்சள் கறை தெரியும். அந்தக் குழாயைச் சரியாக அமைப்பதற்குத்தான் இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

முதலில் ஆணி

சுமார் 5 செ.மீ. நீளமுள்ள சாதாரண இரும்பு ஆணிகள் ஐந்து வேண்டும். கடையில் கிடைக்கும் ஆணிகளில் பல துத்தநாகம் பூசியவை. அவற்றைக் காந்தமும் ஈர்க்கும் என்பதால் காந்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. சந்தேகம் இருந்தால் ஒரு ஆணியை உப்பு நீரில் இரவு முழுக்கப் போட்டு வையுங்கள். காலையில் பழுப்புக் கறை இருந்தால் வெறும் இரும்பு. வெள்ளைப் பொடி மட்டும் படிந்திருந்தால் அது துத்தநாகத்தின் வேலை, அந்தப் பொட்டலம் இந்தப் பாடத்துக்கு ஆகாது.

பூச்சில்லாத ஆணியிலும் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கும். உப்புத்தாளால் தலை முதல் முனை வரை தேய்த்து, சோப்பு நீரில் கழுவி, உடனே துடைத்து உலர்த்துங்கள். அதன் பிறகு விரலால் தொடாமல் இடுக்கியால் எடுங்கள். தேய்ப்பதைப் பாடம் தொடங்கும் அன்றே செய்யுங்கள். முந்தின நாளே தேய்த்து வைத்தால் குழாய்க்குள் போகும் முன்பே துரு தொடங்கிவிடலாம்.

நீரை இரண்டாகப் பிரித்தல்

குழாய்நீரை ஒரு பக்கமும் கொதித்த நீரை மறுபக்கமும் வைத்து ஒப்பிட்டால் ஒப்பீடு நேர்மையாக இருக்காது. கொதிக்கும்போது ஆக்சிஜன் மட்டுமல்ல, நீரில் கரைந்துள்ள உப்புகள் சிலவும் படிந்து பிரிந்துவிடும். அதனால் எல்லாக் குழாய்களுக்கும் ஒரே நீரையே பயன்படுத்துவோம்.

1. அரை லிட்டர் நீரை 10 நிமிடம் நன்றாகக் கொதிக்க விடுங்கள்.
2. அதில் பாதியை ஆறவைத்து, இரண்டு பாத்திரங்களுக்கு இடையே இருபது முப்பது முறை உயரத்திலிருந்து ஆற்றுங்கள். காற்று மீண்டும் கரைந்துவிடும். இது ‘காற்றுள்ள நீர்’.
3. மறுபாதியை, குழாயில் ஊற்றும் நேரத்துக்குச் சற்று முன் இன்னொரு முறை கொதிக்க வைத்துச் சூடாகவே பயன்படுத்துங்கள்.

ஐந்து குழாய்கள்

வெப்பம் தாங்கும் சோதனைக் குழாய்களே வேண்டும். ஆணியை நேராகப் போட்டால் அடிப்பகுதி உடையும், குழாயைச் சாய்த்து வழுக்கி இறக்குங்கள். அ தவிர மற்ற ஒவ்வொன்றிலும் 15 மி.லி. நீர், அதாவது ஆணி முழுதும் மூழ்கும் அளவு.

அ: அடியில் நீரற்ற கால்சியம் குளோரைடு ஒரு தேக்கரண்டி, அதன்மேல் பஞ்சு, பஞ்சின்மேல் ஆணி, இறுக்கமான தக்கை. பஞ்சை விட்டுவிடாதீர்கள். கால்சியம் குளோரைடு ஈரத்தை உறிஞ்சிக் கரையும், அந்தக் கரைசல் ஆணியில் பட்டால் உலர்ந்த குழாய்தான் எல்லாவற்றையும்விட மோசமாகத் துருப்பிடிக்கும்.

ஆ: காற்றுள்ள நீர், வாய் திறந்தபடி.

இ: காற்றுள்ள நீர், மேலே 2 செ.மீ. சமையல் எண்ணெய்.

ஈ: சூடான கொதித்த நீர், மேலே 2 செ.மீ. எண்ணெய்.

உ: காற்றுள்ள நீரில் உப்பு (100 மி.லி.க்கு 3.5 கிராம்), வாய் திறந்தபடி.

ஈ குழாயில் வரிசை முக்கியம்: முதலில் ஆணி, பிறகு நீர், கடைசியில் எண்ணெய். எண்ணெய் ஊற்றிய பிறகு ஆணியை இறக்கினால் அதன் உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொள்ளும். துரு வராதுதான், ஆனால் காரணம் வேறு. நீரைக் குழாயின் உட்சுவரை ஒட்டி மெதுவாக வழியவிடுங்கள். சலசலவென்று ஊற்றினால் கொதிக்க வைத்து வெளியேற்றிய காற்று அந்த நொடியிலேயே திரும்பக் கரையும். எண்ணெயை நீர் ஆறும் வரை தள்ளிப்போடாமல் உடனே ஊற்றுங்கள். சூடான நீரை ஆசிரியர் ஊற்றட்டும்.

இ குழாய் எதற்கு?

வழக்கமான அமைப்பில் இது இருக்காது. ஆனால் மாணவர்களைச் சிந்திக்க வைப்பது இதுதான், ஒரு சிறு கணக்கும் உண்டு. 25°C வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 8 மி.கி. ஆக்சிஜன் கரைந்திருக்கும். அப்படியானால் 15 மி.லி. நீரில் 0.12 மி.கி. துருவை Fe₂O₃ என்று எளிமையாகக் கொண்டால், 96 கிராம் ஆக்சிஜனுக்கு 320 கிராம் துரு. அந்த விகிதத்தில் 0.12 மி.கி. ஆக்சிஜன் தருவது 0.4 மி.கி. துரு. தூக்கிப் பார்த்தால் ஒன்றுமில்லை, ஆனால் கண்ணுக்கு லேசான மஞ்சள் கறையாகத் தெரியப் போதுமானது.

ஆகவே இ குழாயில் முதல் ஓரிரு நாளில் கொஞ்சம் துரு வந்து, பிறகு வேகம் வெகுவாகக் குறையும். ஈ குழாயில் நீரைச் சரியாகக் கொதிக்க வைக்காவிட்டால் அதுவும் இ போலவே நடந்துகொள்ளும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தவறு எங்கே என்று மாணவர்களே சொல்லிவிடுவார்கள். எண்ணெயும் ஆக்சிஜனை முழுதாகத் தடுப்பதில்லை, மெதுவாக ஊடுருவ விடும். ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருந்தால் ஈ குழாயிலும் கறை வரலாம், அதைத் தோல்வியாக எண்ண வேண்டாம்.

ஏழு நாள் பதிவு

தினமும் ஒரே நேரத்தில், குழாய்க்குப் பின்னால் வெள்ளைத்தாள் வைத்துப் பாருங்கள். குழாயை அசைக்கக் கூடாது, அசைத்தால் காற்று கலக்கும், ஒட்டியிருந்த துருவும் உதிரும். “துரு இருக்கிறது, இல்லை” என்று மட்டும் எழுதினால் மூன்றாம் நாளே எழுத ஒன்றும் இருக்காது. நான்கு கேள்விகள் போதும்: துரு ஆணியின் எந்த இடத்தில், நீரின் நிறம் என்ன, அடியில் படிவு உண்டா, 0 முதல் 4 வரை எத்தனை மதிப்பெண். 0 என்றால் துருவே இல்லை, 1 புள்ளிகள், 2 பாதிக்கும் குறைவு, 3 பாதிக்கு மேல், 4 முழுதும்.

முதல் நாளில் ஆ, உ இரண்டிலும் மஞ்சள் பழுப்பு தொடங்கியிருக்கும். தலையையும் முனையையும் உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆணி செய்யும்போது அந்த இடங்களில்தான் உலோகம் அதிகம் நசுங்குகிறது, அதனால் அரிமானம் பெரும்பாலும் அங்கே முந்திக்கொள்ளும். உ குழாயில் துரு வேகமாகச் சேர்வதைப் பார்த்து “உப்பு இரும்பைத் தின்கிறது” என்று யாராவது எழுதுவார்கள். உப்பு நீரின் மின்கடத்துதிறனைக் கூட்டுகிறது, அதனால் வினை விரைகிறது. ஆக்சிஜனும் நீரும் இல்லாமல் உப்பு மட்டும் துருவை உண்டாக்காது. ஆக்சிஜன் குறைவான இடங்களில் கறுப்பு அல்லது கரும்பச்சைப் படிவு தெரிந்தால் அதையும் அப்படியே பதிவு செய்யட்டும், அதுவும் இரும்பு அரிமானத்தில் உண்டாவதே.

கடைசி நாளில் ஆணியை எடை போடலாமா என்று கேட்பார்கள். 0.1 கிராம் வரை காட்டும் தராசில் பெரும்பாலும் மாற்றமே தெரியாது. துல்லியமான தராசு இருந்தாலும் கவனம் தேவை. துரு ஆணியோடு ஒட்டியிருக்கும் வரை சேர்ந்த ஆக்சிஜனால் எடை கூடும். குழாய் அடியில் உதிர்ந்துவிட்டால் அதே ஆணி எடை குறைந்ததாகக் காட்டும்.