பேப்பர் போடும் டெவலப்பருக்கு: பாதியில் நிற்கும் வேலையைக் கடிதத்தில் எழுதுவது எப்படி?

புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனி. கோடு எழுத நாங்கள் இரண்டே பேர். பண்ருட்டி முந்திரி வியாபாரிகளுக்கான பில்லிங் சாஃப்ட்வேர் என் பொறுப்பு. அங்கிருந்து விலகியபோது நான் எழுதிய கடிதத்தை வைத்தே இதைச் சொல்கிறேன். நன்றி சொல்லி விடைபெறும் மாதிரிக் கடிதங்கள் எங்கும் கிடைக்கும். பாதி வேலையை என்ன செய்வது என்று அவற்றில் இருக்காது.

1. கடைசி நாளைத் தேதியாக எழுதுங்கள்

அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் நோட்டீஸ் எத்தனை நாள் என்று பார்த்து, தேதியையே குறிப்பிடுங்கள். "ஒரு மாதத்தில்" என்று எழுதினால் எந்த நாளிலிருந்து எண்ணுவது என்ற பேச்சு வரும். வாடிக்கையாளரின் நெருக்கடி நாட்களையும் தவிர்க்க வேண்டும். மாதாமாதம் கணக்குக் காட்டும் வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டிஆர்-1 கெடு அடுத்த மாதம் 11-ஆம் தேதி. அதனால் என் கடைசி நாளை 11-க்குப் பிறகு வைத்தேன்.

2. பாதி வேலைகளைத் தேடி எடுங்கள்

அதிக நேரம் பிடிப்பது இதுதான். மனதில் இருக்கும் பட்டியலை நம்பாதீர்கள். ரெப்போவுக்குள் போய் முதல் இரண்டு கட்டளைகளையும், சர்வரில் மூன்றாவதையும் ஓட்டுங்கள்.

```
git stash list
git log --branches --not --remotes --oneline
crontab -l
```

ஸ்டாஷில் வைத்த மாற்றம் உங்கள் லேப்டாப்பில் மட்டுமே இருக்கும். சாதாரணமாகப் புஷ் செய்தால் மேலே போகாது. வேண்டியதை ஒரு பிராஞ்சில் கமிட் செய்து ஏற்றுங்கள். இரண்டாவது கட்டளை, இன்னும் புஷ் ஆகாத கமிட்களைக் காட்டும். மூன்றாவதுதான் முக்கியம். நீங்கள் லாகின் செய்திருக்கும் யூசரின் க்ரான் வேலைகளை மட்டுமே அது காட்டும். எங்கள் இரவு பேக்கப் என் யூசரின் பெயரில்தான் ஓடிக்கொண்டிருந்தது. நான் போனபின் அந்த யூசரை நீக்கினால் பேக்கப்பும் நின்றுவிடும். யாருக்கும் உடனே தெரியாது.

3. கடிதம்

"எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறேன்" என்று மட்டும் எழுதாதீர்கள். ஒரு வேலை இழுத்தாலும் ரிலீவிங் லெட்டர் தள்ளிப்போகும். எது எந்த நிலையில் இருக்கிறது, நான் எதுவரை செய்வேன், மீதி யாருக்கு என்று எழுதினால் போதும். என் கடிதத்தின் நடுப்பகுதி:

> மதிப்பிற்குரிய ஐயா,
>
> சொந்தக் காரணங்களால் பணியிலிருந்து விலகுகிறேன். என் கடைசி வேலை நாள் 14-ஆம் தேதி. கையிலுள்ள வேலைகளை இப்படி ஒப்படைக்க விரும்புகிறேன்.
>
> ஜிஎஸ்டிஆர்-1 எக்ஸ்போர்ட்: பி2பி பில்கள் சரியாக வருகின்றன. கிரெடிட் நோட் இன்னும் வரவில்லை. பி2பி பகுதியை 5-ஆம் தேதிக்குள் லைவில் போடுகிறேன். கிரெடிட் நோட்டுக்கான கோடு தனி பிராஞ்சில் இருக்கிறது. அதை என்னால் முடிக்க இயலாது. அடுத்து வருபவர் அதை முடிக்கும்வரை அந்த வரிகளைக் கையால் சேர்க்கும் முறையை எழுதித் தருகிறேன்.
>
> இரவு பேக்கப்: 7-ஆம் தேதிக்குள் பொது யூசருக்கு மாற்றி, ஒருமுறை ரீஸ்டோர் செய்து காட்டுகிறேன்.
>
> இவற்றை யாரிடம் ஒப்படைப்பது என்று இந்த வாரத்துக்குள் தெரிவித்தால், மீதி நாட்களை அவருடன் உட்கார்ந்து செலவிடுவேன். இந்தக் கடிதம் கிடைத்ததற்குப் பதில் மெயில் அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்.

"என்னால் முடிக்க இயலாது" என்ற வரியை எழுதக் கை தயங்கும். கட்டாயம் எழுதுங்கள். அதைப் படித்தால்தான் முதலாளி வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே பேசுவார். சம்பளக் குறை, பழைய மனவருத்தம் எதுவும் இதில் வேண்டாம். பாஸ்வேர்டும் வேண்டாம், இந்த மெயில் ஆடிட்டர் வரை ஃபார்வர்டு ஆகும். பாஸ்வேர்டுகளை பிட்வார்டனில் கம்பெனி கணக்கில் வையுங்கள். ஒப்படைப்புக் குறிப்புகளுக்கு ரெப்போவில் இருக்கும் `README.md` தான் என் தேர்வு. சொந்த ஜிமெயிலில் கூகுள் டாக் போட்டால் அது உங்களுடனேயே போய்விடும்.

4. கீபோர்டைத் தொடாமல் ஒரு நாள்

உங்களிடமிருந்து வேலையை வாங்கிக்கொள்பவர் உங்கள் குறிப்பை மட்டும் பார்த்து ஒரு சின்ன மாற்றத்தை லைவில் போடட்டும். நீங்கள் பக்கத்தில் இருங்கள், கை வைக்காதீர்கள். அவர் நிற்கும் இடமெல்லாம் குறிப்பில் விட்டுப்போன இடம். எங்களுக்கு அது `.env` கோப்பில் நின்றது; அந்தக் கோப்பு கிட்டில் இல்லை, எங்கிருந்து எடுப்பது என்றும் குறிப்பில் இல்லை. உடனே சேர்த்தோம்.

பின்சேர்க்கை: கடலூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: டொமைன் கணக்கின் ஓடிபி என் சொந்த நம்பருக்கு வருகிறது, என்ன செய்வது? இதையும் கடிதத்தில் தனி வரியாகத் தேதியுடன் சேருங்கள். உங்கள் நம்பர் கையில் இருக்கும்போதே கணக்கின் மெயிலையும் மொபைலையும் கம்பெனிக்கு மாற்றி, புது நம்பருக்கு ஓடிபி வருகிறதா என்று லாகின் செய்து பார்த்துவிடுங்கள். ப்ளே ஸ்டோர், பேமென்ட் கேட்வே கணக்குகளையும் அதே நாளில் பாருங்கள்.