வீடியோவுக்குப் பேச்சுத் தமிழில் பின்னணிக் குரல் எழுதுவது எப்படி?

தனுஷ்கோடியைப் படம் எடுத்தவர் பின்னணிக் குரலுக்கு இப்படி எழுதி வைத்திருக்கிறார் என்று கொள்வோம்:

"1964ஆம் ஆண்டு டிசம்பரில் வீசிய கடும் புயலினால் முற்றிலும் அழிக்கப்பட்ட தனுஷ்கோடியில், இன்றும் தேவாலயத்தின் சிதைந்த சுவர்கள் காணப்படுகின்றன."

பேச்சுத் தமிழாக்கச் சொன்னால், புதியவர்கள் சொற்களின் முடிவை மட்டும் மாற்றுவார்கள்: "கடும் புயலால முற்றிலும் அழிக்கப்பட்ட தனுஷ்கோடில சிதைஞ்ச சுவருங்க காணப்படுது." யாரும் இப்படிப் பேசுவதில்லை. விறைப்பு விகுதியில் இல்லை, வாக்கியத்தின் கட்டமைப்பில் இருக்கிறது. புயல், அழிவு, ஊர், சுவர் என நான்கு செய்திகள் ஒரே வினைமுற்றுக்காகக் காத்து நிற்கின்றன.

ஆகவே, முதலில் தாளை மூடிவிடுங்கள். படத்தை ஓடவிட்டு, பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்வதுபோல் சொல்லி, செல்போனில் பதிவு செய்யுங்கள். பிறகு கேட்டு, வாயில் வந்தபடியே எழுதுங்கள். ஏறக்குறைய இப்படி வரும்:

"இங்க ஒரு ஊரு இருந்துச்சு. ரயிலெல்லாம் வந்து நிக்கும். அறுபத்திநாலு டிசம்பர்ல ஒரு புயல் அடிச்சுச்சு. ஒரே ராத்திரி. ஊரையே கடல் எடுத்துட்டுப் போயிருச்சு. இந்தா தெரியுதுல்ல, இது சர்ச்சு. சுவரு மட்டுந்தான் மிச்சம்."

ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்திதான். 'அழிக்கப்பட்ட' போன பிறகு, ஊரை எடுத்துச் சென்ற கடல் முன்னால் வந்துவிட்டது. 'காணப்படுகின்றன' தேவையே இல்லை. சுவர் திரையில் தெரிகிறது, 'இந்தா' என்று காட்டினால் போதும். ஆண்டை எண்ணில் எழுதினால், படிப்பவர் 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து' என்று தொடங்கிவிடுவார். அதனால் சொல்ல வேண்டியபடியே எழுத்தில் எழுதுங்கள்.

அடுத்து, எந்த ஊர்ப் பேச்சு என்று முடிவு செய்யுங்கள். இராமநாதபுரம் பக்கம் 'போயிருச்சு', 'அங்கிட்டு' என்பார்கள். ஒரு வரியில் 'போயிருச்சு', அடுத்த வரியில் சென்னைப் பக்கத்து 'போய்டுச்சு' என்று கலந்தால், இரண்டு பேர் பேசுவதுபோல் ஒலிக்கும். கடற்கரைக்காரர்கள் 'மீன்பிடிக்கச் செல்கிறோம்' என்பதில்லை. 'தொழிலுக்குப் போறோம்' என்பார்கள். உங்கள் குரலும் அதையே சொன்னால், அடுத்து மீனவர் பேசும் காட்சியோடு இயல்பாகச் சேரும். உங்களுக்குப் பழக்கமில்லாத வட்டாரச் சொல்லை மட்டும் வலிந்து போடாதீர்கள். உள்ளூர்க்காரர் காதுக்கு அது உடனே தெரிந்துவிடும். அப்படியான இடத்தில் பொதுவான பேச்சுத் தமிழே நல்லது.

எல்லா ஒலியையும் எழுத்தில் கொண்டுவர முயல வேண்டாம். மூக்கொலியில் முடியும் 'வந்தான்' போன்றவற்றை அப்படியே விடலாம். படிப்பவரின் வாய் பார்த்துக்கொள்ளும். 'இருக்கிறது', 'மற்றும்', 'ஆகும்' ஆகியவற்றை மட்டும் தேடிப் பிடித்து மாற்றுங்கள். கண்ணில் பட்டால் குரல் தானாகச் செய்தி வாசிப்புக்குத் தாவிவிடும்.

கடைசியாக, படத்தோடு சேர்த்து உரக்கப் படியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். காட்சியே சொல்லிவிடும் வரியை எடுத்துவிட்டு, அங்கே அலைச் சத்தத்தை மட்டும் கேட்க விடுங்கள்.